ஒரே செய்தி, மூன்று மெயில்: நிறுவனர், கொள்முதல் அதிகாரி, சீனியர் இன்ஜினியர்

ஒரு மென்பொருள் சேவையை இன்னொரு நிறுவனத்துக்கு விற்பவர், அங்கே குறைந்தது மூன்று பேருக்கு எழுத வேண்டியிருக்கும். பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது என்று முடிவெடுக்கும் நிறுவனர், விலையையும் ஒப்பந்தத்தையும் கோப்பில் ஏற்றும் கொள்முதல் அதிகாரி, சேவையைத் தன் அமைப்போடு இணைத்து ஓட்டும் சீனியர் இன்ஜினியர். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஒரே மெயிலை எழுதி, 'வணக்கம்' வரியை மட்டும் மாற்றி மூவருக்கும் அனுப்பிவிடுவதுண்டு. இன்னும் சிலர் நிறுவனருக்கு உற்சாகமாகவும், அதிகாரிக்குப் பணிவாகவும், இன்ஜினியருக்குத் தொழில்நுட்பச் சொற்களைத் தூவியும் எழுதுவார்கள். இரண்டாவது வகை பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், வேலை நடக்காது.

தொனி என்பதை மரியாதையின் அளவு என்று எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. மூவருமே மரியாதைக்குரியவர்கள்தான், அதில் ஏற்ற இறக்கம் கிடையாது. எழுத உட்காரும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இந்த மெயிலை நம்பி இவர் ஒரு காரியம் செய்தால், நாளைக்கு அதற்காக யாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்?

நிறுவனர் தன் வாடிக்கையாளருக்கும், முதலீட்டாளர் இருந்தால் அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கும் நாலைந்து ஆட்களை இந்த வாரம் எதில் இறக்கினோம் என்பதுதான் அவர் தலையில் ஓடும் கணக்கு. கொள்முதல் அதிகாரியிடம் ஒரு வருடம் கழித்து ஆடிட்டர் வந்து, 'இந்த விலை எங்கிருந்து வந்தது, யார் ஒப்புக்கொண்டார்கள், காகிதம் எங்கே' என்று கேட்பார். சீனியர் இன்ஜினியருக்குப் பதில் கேட்பவர் பெரும்பாலும் ஆளே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அலறும் அலாரம்தான். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எதை முதலில் சொல்வது, எவ்வளவு உறுதியாகச் சொல்வது, கடைசியில் என்ன கேட்பது என்பதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

ஒரே எண், மூன்று விதம்

சேவை விற்பவர்கள் அதிகம் சொல்லும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 'எங்கள் சேவை 99.9 சதவீத நேரம் இயங்கும்.'

நிறுவனருக்கு இந்தச் சதவீதம் ஒன்றும் சொல்லாது. 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம் இருக்கிறது, அதில் 0.1 சதவீதம் 43.2 நிமிடம். ஆகவே அவருக்கு எழுத வேண்டியது: 'மாதத்தில் முக்கால் மணி நேரம் வரை சேவை நின்றாலும் அது எங்கள் உறுதிமொழிக்கு உட்பட்டதே. உங்கள் விற்பனை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.' இரண்டாவது வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குவார்கள். ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் முதல் வாக்கியத்தை நிறுவனர் நம்புவார்.

கொள்முதல் அதிகாரிக்கு அந்த எண்ணைவிட அது எழுதப்பட்டிருக்கும் இடம் முக்கியம். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, மாதக் கணக்கா வருடக் கணக்கா, அளவு குறைந்தால் கட்டணத்தில் எவ்வளவு கழிவு, முன்னறிவித்த பராமரிப்பு நேரம் இதில் சேருமா சேராதா? இந்த நான்கும் இல்லாத 99.9 அவருக்கு விளம்பர வாசகம் மட்டுமே. மாதக் கணக்கா வருடக் கணக்கா என்பது சின்ன விஷயமல்ல. வருடக் கணக்கென்றால் ஒரே மூச்சில் எட்டரை மணி நேரம் நின்றாலும் உறுதிமொழி மீறப்பட்டதாகாது.

இன்ஜினியரோ, 'எதை வைத்து அளக்கிறீர்கள்' என்று கேட்பார். சேவையகம் 5xx பிழை தந்தால் மட்டுமா, பத்து நொடி இழுத்தடித்துப் பதில் தந்தாலும் நின்றதாகக் கணக்கா? வெளியிலிருந்து சோதிக்கிறீர்களா, உள்ளிருந்தா? இவருக்கு எழுதும்போது சதவீதத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு, அளக்கும் முறைக்கு மூன்று வரி ஒதுக்க வேண்டும்.

எண் எங்கேயும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தொனியை மாற்றலாம், உண்மையை மாற்றக் கூடாது. ஒருவரிடம் 99.9 என்றும் இன்னொருவரிடம் 'கிட்டத்தட்ட எப்போதும்' என்றும் எழுதினால், அந்த இரண்டு வாக்கியங்களும் ஒருநாள் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

ஒரு நிகழ்வை முழுதாகப் பார்ப்போம்

கற்பனையான ஒரு வழக்கு. ஆன்லைன் கடை ஒன்று, ஆர்டர் உறுதியானதும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப நம் ஏபிஐயைப் பயன்படுத்துகிறது. அதன் பழைய பதிப்பை 30 செப்டம்பர் 2026 அன்று நிறுத்தப் போகிறோம். கடை அதற்குள் பதிப்பு 2-க்கு மாற வேண்டும். கட்டணம் மாறாது. ஆனால் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் 'பதிப்பு 1' என்று எழுதியிருப்பதால் ஒரு திருத்தக் கடிதம் தேவை. பதிப்பு 2 சில இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதனால் குறியீட்டில் கை வைக்காமல் முடியாது. நல்ல செய்தியும் அல்ல, பேரிடியும் அல்ல. தொனி சறுக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நடுத்தரச் செய்திகளில்தான்.

நிறுவனருக்கு:

> பொருள்: செப்டம்பர் 30-க்குப் பிறகும் ஆர்டர் செய்திகள் போக, ஒரு முடிவு தேவை
>
> வணக்கம் சார்,
>
> உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஆர்டர் உறுதிச் செய்தி அனுப்பும் பழைய இணைப்பை 30 செப்டம்பர் 2026 அன்று நிறுத்துகிறோம். அதற்குள் புதியதற்கு மாறாவிட்டால் செய்திகள் போகாது.
>
> மாறுவதற்கு உங்கள் பக்கம் ஒரு இன்ஜினியருக்கு இரண்டு நாள் வேலை, பிறகு ஒரு வாரம் கண்காணிப்பு. உங்கள் குறியீட்டைப் பார்க்காமல் சொல்லும் மதிப்பீடு இது. நான்கு நாள் வரை போகலாம். கட்டணத்தில் மாற்றம் இல்லை.
>
> ஆகஸ்டிலேயே இதை முடித்துவிடலாம் என்பது எங்கள் யோசனை. சரியென்றால், யாரிடம் பேச வேண்டும் என்று மட்டும் ஜூலை 17-க்குள் சொல்லுங்கள். மற்றதை அவரோடு பார்த்துக்கொள்கிறோம்.

முதல் பத்தியிலேயே என்ன நின்றுபோகும் என்று வந்துவிட்டது. அடுத்து அவர் மனதில் எழும் கேள்விகள் 'எவ்வளவு வேலை', 'காசு கூடுமா'. அவர் கேட்பதற்கு முன்பே பதில் இருக்கிறது. கடைசியில் கேட்டிருப்பது ஒரு பெயர்தான். நடந்துகொண்டே போனில் இரண்டு சொல்லில் பதில் தட்டிவிடலாம். 'உங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறோம்' என்று முடித்திருந்தால் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். உட்காரும் நேரம் வரும் வரை மெயிலும் அப்படியே கிடக்கும்.

இங்கே பலர் செய்யும் தவறு, 'புதிய, அதிநவீனப் பதிப்பை மகிழ்ச்சியுடன் அறிமுகப்படுத்துகிறோம்' என்று தொடங்குவது. மகிழ்ச்சி நமக்கு, வேலை அவருக்கு. அதை அவர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். இன்னொரு தவறு நுணுக்கமானது: நிறுவனர் ஒரு காலத்தில் தானே குறியீடு எழுதியவர் என்று தெரிந்ததும் தொழில்நுட்ப விவரத்தை அவருக்கே கொட்டிவிடுவது. அவர் ஆர்வமாகப் படிக்கவும் கூடும். ஆனால் முடிவெடுப்பதை விட்டுவிட்டு வடிவமைப்பைப் பற்றி விவாதிக்கத் தொடங்கிவிடுவார். விவரம் இணைப்பாக இருக்கட்டும்.

கொள்முதல் அதிகாரிக்கு:

> பொருள்: ஒப்பந்தத் திருத்தம் – பின்னிணைப்பு 2, பிரிவு 1 – கையொப்பத்துக்காக
>
> வணக்கம் மேடம்,
>
> நம் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு 2, பிரிவு 1-ல் சேவை 'பதிப்பு 1' என்று குறிப்பிடப்பட்டுள்ளது. பதிப்பு 1, 30 செப்டம்பர் 2026, 23:59 மணிக்கு (யுடிசி) நிறுத்தப்படுகிறது. ஆகவே அந்தப் பிரிவில் 'பதிப்பு 2' என்று மாற்றும் திருத்தக் கடிதத்தை இத்துடன் அனுப்பியுள்ளோம்.
>
> கட்டண வீதம், பணம் செலுத்தும் கெடு, ஒப்பந்தம் முடியும் தேதி ஆகியவற்றில் மாற்றம் இல்லை. நடப்பு பர்சேஸ் ஆர்டரே தொடரும் என்பது எங்கள் புரிதல். புதிய ஆர்டர் தேவை என்றால் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு: திருத்தக் கடிதம் (2 பக்கம்); பதிப்பு 1 நிறுத்த அறிவிப்பு; எங்கள் தரப்பில் கையொப்பமிடுபவருக்கான அதிகாரக் கடிதம்.
>
> கையொப்பமிட்ட பிரதி 11 செப்டம்பர் 2026-க்குள் தேவைப்படுகிறது. உங்கள் நடைமுறைக்கு இதைவிடக் கூடுதல் நாள் ஆகும் என்றால், எந்தத் தேதிக்குள் ஆவணங்கள் உங்களிடம் இருக்க வேண்டும் என்று சொன்னால் அதற்கேற்ப அனுப்புகிறோம்.

வறட்சியாகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இந்த மெயில் அச்சாகிக் கோப்புக்குள் போகும். நம்மையும் அவரையும் தெரியாத மூன்றாவது ஆள் படித்தாலும் புரிய வேண்டும். அதனால்தான் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல் இங்கேயும் வருகிறது. நிறுவனர் மெயிலில் 'பழைய இணைப்பு' என்றோம். இங்கே 'பதிப்பு 1' மட்டும்தான். ஒரே பொருளை ஓரிடத்தில் சேவை என்றும் அடுத்த வரியில் தளம் என்றும் இன்னோரிடத்தில் தீர்வு என்றும் அழகுக்காக மாற்றி எழுதினால், மூன்றும் ஒன்றா என்று கேட்டு ஒரு மெயில் திரும்பி வரும். நாலு நாள் போய்விடும்.

'விரைவில்', 'கூடிய சீக்கிரம்', 'தோராயமாக' ஆகிய சொற்களுக்கு இந்த மெயிலில் இடமில்லை. வினைமுற்றிலும் கவனம் வேண்டும். 'வழங்கப்படும்' என்று எழுதினால் அது வாக்குறுதி. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை நல்லெண்ணத்தில் 'செய்து தருகிறோம்' என்று எழுதிவிட்டால், பிறகு அதைக் காட்டிக் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. உறுதியாகத் தெரியாத இடத்தில் 'எங்கள் புரிதல்' என்று வெளிப்படையாக எழுதி, சரிபார்க்கச் சொல்வதே பாதுகாப்பு.

அவசரப்படுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. 'தயவுசெய்து உடனடியாக' என்று எத்தனை முறை எழுதினாலும் அவருடைய வேலை வேகமாகாது. கோப்பு சட்டப் பிரிவுக்குப் போக வேண்டும், நிதிப் பிரிவுக்குப் போக வேண்டும், கையொப்பமிடுபவர் ஊரில் இருக்க வேண்டும். எதுவும் அவர் கையில் இல்லை. தேதியைப் பின்னோக்கிக் கணக்கிட அவருக்கு உதவினால் நமக்கும் வேலை நடக்கும். 'உங்கள் நிறுவனர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்' என்ற வாக்கியத்தையும் தவிர்க்க வேண்டும். படிப்பவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும். ஒப்புதல் நிஜமாகவே கிடைத்திருந்தால் தேதியோடு சொல்லி அந்த மெயிலை இணைப்பில் வைத்துவிடலாம். அப்போது அதே செய்தி அவருக்குத் தேவையான ஆதாரமாகிவிடும்.

சீனியர் இன்ஜினியருக்கு:

> பொருள்: `/v1/messages` நிறுத்தம் 2026-09-30, v2-ல் நடத்தை மாறும் இரண்டு இடங்கள்
>
> வணக்கம்,
>
> ஜூலை 1 முதல் v1 பதில்களில் இந்த ஹெடர் வருகிறது:
>
> ```
> Sunset: Wed, 30 Sep 2026 23:59:59 GMT
> ```
>
> 1. v1, செய்தி போய்ச் சேரும் வரை காத்திருந்து 200 தந்தது. v2 வரிசையில் சேர்த்தவுடன் 202 தரும். டெலிவரி நிலை வெப்ஹுக்கில் வரும். `status == 200` என்று சோதிக்கும் குறியீடு இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும்.
>
> 2. அப்படி மறுபடி அனுப்பினால் வாடிக்கையாளருக்கு ஒரே செய்தி இரண்டு முறை போகும். தடுக்க:
>
> ```
> POST /v2/messages
> Idempotency-Key: order-48213-confirm
> ```
>
> ஒரே கீயை 24 மணி நேரம் நினைவில் வைத்திருப்போம். அதற்குப் பிறகு வந்தால் புதிய செய்தியாகவே போகும்.
>
> வெப்ஹுக் ஒரே நிகழ்வுக்கு இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். ஒரு கோரிக்கையில் 500 பெறுநர்களுக்கு மேல் நாங்கள் சோதிக்கவில்லை.
>
> மறுமுயற்சியை எங்கே வைத்திருக்கிறீர்கள், அழைக்கும் குறியீட்டிலா, ஜாப் வரிசையிலா? ஜாப் வரிசை என்றால், 24 மணி நேரத்துக்கு மேல் தேங்கி நின்ற ஜாப் மறுபடி ஓடும் நிலை உங்களுக்கு உண்டா? இரண்டு நாள் என்று மதிப்பிட்டிருக்கிறோம். உங்கள் பதிலைப் பொறுத்து அது மாறும்.

மூன்றில் இதுதான் நீளம், இதைத்தான் முழுதாகவும் படிப்பார்கள். புகழ்ந்து சொல்லும் பெயரடை ஒன்றுகூட இல்லை என்பது தற்செயலல்ல. 'எளிதாக மாறிவிடலாம்' என்ற சொற்றொடரை இன்ஜினியருக்கு எழுதவே கூடாது. அவருடைய அமைப்பைப் பார்க்காமலே அவர் வேலை எளிது என்று தீர்ப்புச் சொல்வதாகும் அது. வெப்ஹுக் என்றால் என்ன என்று விளக்குவதும் அதே வகைக் குற்றம். `Sunset` ஹெடர் 2019-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 8594-ல் வரையறுக்கப்பட்ட ஒன்று. தெரிந்தவருக்குப் பெயரே போதும். தெரியாதவர் அரை நிமிடத்தில் தேடிக்கொள்வார்.

இந்த மெயிலுக்கு நம்பகம் சேர்ப்பது 'சோதிக்கவில்லை' என்ற ஒரு சொல். எல்லைகளைச் சொல்லாத ஆவணத்தைப் பார்த்தால் அனுபவமுள்ள இன்ஜினியர், எழுதியவர் அதை ஓட்டிப் பார்த்ததில்லை என்றுதான் முடிவு கட்டுவார். கடைசிக் கேள்வியும் சும்மா கேட்டதல்ல: பதில் எப்படி வந்தாலும் நம் திட்டம் மாறும். நமக்கே விடை தெரிந்த ஒன்றை, பேச்சை வளர்ப்பதற்காகக் கேட்டால் அவர் உடனே கண்டுகொள்வார்.

எழுதுபவருக்கே தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது என்றால்? தெரிந்த மாதிரி எழுதாமல், நம் பக்க இன்ஜினியர் எழுதியதை அப்படியே கீழே வைத்து, மேலே இரண்டு வரி மட்டும் சேர்த்து அனுப்புவதே நல்லது. இடையில் நாம் 'மெருகேற்றும்' ஒவ்வொரு சொல்லும் பிழைக்கு வழி திறக்கும். 202 வந்தால் செய்தி 'ஏற்கப்பட்டது' என்பதை 'அனுப்பப்பட்டது' என்று மாற்றிவிட்டால் போதும், போகாத செய்தியைப் போனதாக எண்ணி அவர் பதிவுசெய்துகொள்வார்.

மெயில் கைமாறும்போது

நிறுவனர் அந்த மெயிலை 'பார்த்துக்கொள்' என்ற ஒரே சொல்லோடு இன்ஜினியருக்கு ஃபார்வர்டு செய்வார். அநேகமாக எப்போதும் நடப்பது இது. ஆகவே நிறுவனருக்கு எழுதியதை இன்ஜினியர் படித்தால் முகம் சுளிப்பாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். 'உங்கள் குறியீட்டைப் பார்க்காமல் சொல்லும் மதிப்பீடு' என்ற வரி அங்கே இருப்பதற்கு இதுவும் காரணம். அது இல்லாமல் 'வெறும் இரண்டு நாள் வேலைதான்' என்று இருந்திருந்தால், இன்ஜினியரிடமிருந்து வரும் முதல் பதில் ஏன் இரண்டு நாளில் முடியாது என்ற பட்டியலாக இருக்கும். அதை அவர் தன் முதலாளிக்கும் நகல் போட்டு அனுப்புவார்.

மூவரையும் ஒரே மெயிலில் சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், தொனியைக் கலந்து சராசரியாக்க வேண்டாம். மேலே எல்லோருக்கும் பொதுவாக இரண்டு வரி: என்ன, எப்போது. அதன் கீழே ஒவ்வொருவர் பெயரையும் போட்டு, அவரிடம் கேட்பதை ஒரு வரியில். விவரமெல்லாம் தனித்தனி இணைப்பில். பெயர் இல்லாமல் 'தேவையானதைச் செய்யவும்' என்று முடித்தால், மற்ற இருவரில் ஒருவர் செய்வார் என்று மூவருமே இருந்துவிடுவார்கள்.

தொனி தவறியதைப் பதிலில் இருந்தே கண்டுபிடிக்கலாம். நிறுவனர் 'சரி, நான் இப்போது என்ன செய்யணும்?' என்று கேட்டால், நாம் கேட்க வேண்டியது மெயிலில் எங்கோ புதைந்து கிடக்கிறது. அவருக்கு அடுத்த மெயில் மூன்று வரியைத் தாண்டக் கூடாது. கொள்முதல் அதிகாரியிடமிருந்து 'திருத்தி அனுப்பவும்' என்று மட்டும் வந்தால் எண், தேதி, பெயர் மூன்றில் ஒன்று ஒப்பந்தத்தோடு பொருந்தவில்லை. எது என்று கேட்பதற்கு முன் நாமே வரிக்கு வரி ஒப்பிட்டுவிடலாம். இன்ஜினியரின் பதில் நம் ஆவணப் பக்கத்தின் இணைப்பும், 'இங்கே வேறு மாதிரி இருக்கிறதே' என்ற ஒரு வரியுமாக இருந்தால் தொனியைச் சரிசெய்து பயனில்லை. முதலில் எது சரி என்று ஓட்டிப் பார்த்து, அந்த விடையை மட்டும் எழுத வேண்டும். மன்னிப்பு ஒரு சொல்லில் போதும்.

இந்த வழக்கில் இன்ஜினியர், 'எங்கள் ஜாப் வரிசை இரண்டு நாள் வரை தேங்கும், 24 மணி நேரம் போதாது, வேலை ஐந்து நாள் ஆகும்' என்று பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே நிறுவனருக்கு ஒரு வரி போக வேண்டும்: 'இரண்டு முதல் நான்கு நாள் என்றோம், உங்கள் இன்ஜினியர் பார்த்த பிறகு ஐந்து என்று தெரிகிறது, ஆகஸ்டிலேயே முடியும்.' கொள்முதல் அதிகாரிக்கு இதில் எதுவும் எழுத வேண்டியதில்லை, திருத்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் அந்த 24 மணி நேரத்தை இவர்களுக்காக 72 ஆக்க நாம் ஒப்புக்கொண்டால் கதை வேறு. அது பின்னிணைப்பில் ஏற வேண்டிய வரி. 11 செப்டம்பர் என்ற தேதியையும் அவரிடம் மறுபடி பேசித்தான் ஆக வேண்டும்.